பழுதான மைட்டோகாண்ட்ரியாவை செல் எப்படிக் "கண்டம்" பண்ணுகிறது? நூறு வருடக் கதை – ஒரு நீண்ட த்ரெட்

1/
மைட்டோகாண்ட்ரியா என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கும் அந்த அவரைக்கொட்டைப் படம்தான். "செல்லின் ஆற்றல் நிலையம்" என்று ஒரு வரி எழுதினால் முழு மார்க்.

ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி மைட்டோகாண்ட்ரியா அசையாமல் கிடப்பதில்லை. ஒன்று இரண்டாகப் பிரியும். இரண்டு ஒட்டி ஒன்றாகும். இது நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கும்.

எதற்காக இந்தப் பிரிவதும் சேர்வதும்? பழுதானதை செல் எப்படி அடையாளம் கண்டு அப்புறப்படுத்துகிறது? அப்புறப்படுத்தத் தவறினால் என்ன ஆகும்? பழ ஈயின் விந்தணு, ஹெராயினுக்கு அடிமையானவர்கள், இருபது வயதில் பார்கின்சன் நோய் வந்த ஜப்பானியர்கள் என்று சம்பந்தமே இல்லாத மூன்று இடங்களில் இருந்து இதற்கு விடை வந்தது. பொறுமையா படிங்க.

2/
முதலில் பெயர். 1890-ல் ஜெர்மனியின் ரிச்சர்ட் ஆல்ட்மன் செல்களுக்குள் சாயம் ஏற்றி, சின்னச் சின்ன மணிகள் இருப்பதைப் பார்த்தார். அவை தனி உயிர்கள் என்றே நினைத்தார். 1898-ல் கார்ல் பெண்டா அவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் மைட்டோஸ் என்றால் நூல், காண்ட்ரோஸ் என்றால் மணி. விந்தணு உருவாகும் செல்களைப் பார்த்தபோது சில இடங்களில் நூல் மாதிரியும் சில இடங்களில் மணி மாதிரியும் தெரிந்ததால் இரண்டையும் சேர்த்தே பெயர் வைத்துவிட்டார்.

ஆக, பெயரிலேயே குழப்பம் இருந்தது. இது நூலா, மணியா?

3/
விடை சொன்னவர்கள் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்த ஒரு தம்பதி. மார்கரெட் லூயிஸ், வாரன் லூயிஸ். கோழிக்கருவின் செல்களைக் கண்ணாடியில் உயிரோடு வளர்த்து, சாகடிக்காமல் நுண்ணோக்கியில் மணிக்கணக்காகப் பார்த்தார்கள். 1914, 1915-ல் வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னது: மணி நூலாகும், நூல் மணியாகும், இரண்டு சேரும், ஒன்று பிரியும். நூலும் மணியும் வேறு வேறு பொருள் இல்லை. ஒரே பொருள்தான் வடிவம் மாறுகிறது.

நூறு வருடத்துக்கு முன்பே கண்ணால் பார்த்து எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு கதை கொஞ்சம் பின்னால் போனது. 1950-களில் செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கத் தொடங்கினார்கள். உள்ளே இருக்கும் மடிப்புகள் எல்லாம் அற்புதமாகத் தெரிந்தன. ஆனால் அதில் பார்க்க செல்லைக் கொன்று, மெல்லிய சீவலாக நறுக்க வேண்டும். நீளமான நூலைக் குறுக்கே வெட்டினால் வட்டமாகத்தானே தெரியும்? முருங்கைக்காயை நறுக்கிப் பார்த்துவிட்டு "இது ஒரு வட்டமான காய்" என்று சொல்வது போல. அந்தச் சீவல் படம்தான் பாடப்புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

4/
இதே காலத்தில் இன்னொரு பக்கம் "குப்பை" பற்றிய ஆராய்ச்சி தொடங்கியது. பெல்ஜியத்தின் கிறிஸ்டியன் டி டூவ் 1955-ல் லைசோசோமுக்குப் பெயர் சூட்டினார். செல்லுக்குள் இருக்கும் அமிலப் பை அது. உள்ளே போன எதையும் செரித்துத் துண்டு துண்டாக்கிவிடும்.

1962-ல் ஆஷ்ஃபோர்டும் போர்ட்டரும் குளுகான் ஹார்மோன் கொடுத்த எலியின் கல்லீரலைப் பார்த்தபோது, இந்தப் பைகளுக்குள் பாதி செரித்த மைட்டோகாண்ட்ரியா கிடந்தன. செல் தன் சொந்த உறுப்பையே எடுத்துச் சாப்பிட்டிருக்கிறது! அடுத்த வருடமே டி டூவ் இதற்கு ஆட்டோஃபேஜி, அதாவது தன்னைத் தானே உண்ணுதல் என்று பெயர் வைத்தார்.

இதை நடத்தும் மரபணுக்களை ஈஸ்ட்டில் வரிசையாகக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. 1990-களின் தொடக்கத்தில் செய்த வேலை. 2016-ல் நோபல் பரிசு.

5/
ஆனால் ஒரு முக்கியமான கேள்வி பாக்கி இருந்தது.

பட்டினி கிடக்கும்போது செல் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துச் செரித்துக்கொள்கிறது, சரி. அது அவசரத்துக்கு வீட்டுச் சாமானை விற்றுச் சாப்பிடுவது மாதிரி. ஆனால் நூற்றுக்கணக்கான மைட்டோகாண்ட்ரியாவில் பழுதான ஒன்றை மட்டும் தேடிப் பிடித்து எடுக்க முடியுமா? அப்படி எடுக்கிறது என்றால், அது பழுது என்று எப்படித் தெரிகிறது?

அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓடி முடித்த பஸ்ஸை "கண்டம்" பண்ணுவார்கள், பார்த்திருப்பீங்க. ஒருத்தர் வண்டியைச் சோதிக்க வேண்டும். முத்திரை குத்த வேண்டும். மற்ற வண்டிகளோடு ரூட்டில் போகவிடாமல் தனியாக நிறுத்த வேண்டும். அப்புறம்தான் உடைத்து, உதவுகிற பாகத்தைப் பிரித்து எடுப்பார்கள். செல்லிலும் இதே நாலு வேலைகள் நடக்கின்றன. ஒவ்வொன்றையும் யார் செய்கிறார்கள் என்பதுதான் மீதிக் கதை.

6/
முதலில் சேர்வது, பிரிவது. 1997-ல் ஸ்டான்ஃபோர்டில் கேரன் ஹேல்ஸ், மார்கரெட் ஃபுல்லர் இருவரும் பழ ஈயின் விந்தணுவை ஆராய்ந்தார்கள். ஈயின் விந்தணு உருவாகும்போது அதன் மைட்டோகாண்ட்ரியா எல்லாம் ஒன்றோடு ஒன்று இணைந்து இரண்டே பெரிய உருண்டைகளாகி, ஒன்றை ஒன்று சுற்றிக்கொள்ளும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அச்சு அசல் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும்.

ஒரு வகை ஆண் ஈக்களில் மட்டும் இந்த இணைவு நடக்கவில்லை. வெங்காயம் கலங்கலாகத் தெரிந்தது. ஈக்கள் மலடு. பழுதான மரபணுவுக்கு அவர்கள் வைத்த பெயர் "ஃபஸி ஆனியன்ஸ்", கலங்கலான வெங்காயம்! விஞ்ஞானிகளுக்கும் குசும்பு உண்டு.

மைட்டோகாண்ட்ரியாவை இணைக்கும் முதல் புரதம் இப்படித்தான் கிடைத்தது. நம் உடம்பிலும் அதன் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் உண்டு: மைட்டோஃப்யூசின்-1, மைட்டோஃப்யூசின்-2. இவை வெளிச்சவ்வை இணைக்கும். உள்சவ்வை இணைப்பது ஓபிஏ-1. பிரிக்கும் வேலை டிஆர்பி-1 என்ற புரதத்துடையது. அது மைட்டோகாண்ட்ரியாவின் இடுப்பைச் சுற்றி வளையமாகக் கூடி, இறுக்கித் துண்டாக்கும்.

7/
இவை ஆய்வகத்துச் சமாச்சாரம் மட்டும் இல்லை. ஓபிஏ-1 மரபணு கெட்டால் சிறு வயதிலேயே பார்வை நரம்பு சுருங்கிப் பார்வை குறையும் பரம்பரை நோய் வரும் என்று 2000-ல் தெரிந்தது. மைட்டோஃப்யூசின்-2 கெட்டால் சார்கோ-மேரி-டூத் நோயின் ஒரு வகை வரும் என்று 2004-ல் தெரிந்தது. கால் நரம்புகள் தேய்ந்து, பாதம் தொங்கி, நடை மாறிவிடும்.

கவனியுங்கள், இரண்டுமே நரம்பு நோய்கள். உடம்பின் எல்லா செல்லிலும் இருக்கும் ஒரு புரதம் கெட்டால் நரம்பு மட்டும் ஏன் அடி வாங்குகிறது? முதுகுத்தண்டில் இருந்து கால் விரல் வரை போகும் ஒரு நரம்பணுவின் நீளம் ஏறக்குறைய ஒரு மீட்டர். அவ்வளவு தூரத்துக்கும் மைட்டோகாண்ட்ரியா போய்ச் சேர வேண்டும். அந்த செல் மறுபடி பிறக்கவும் பிறக்காது. நம் வயசுதான் அதற்கும். தோல் செல் என்றால் சில வாரத்தில் உதிர்ந்துவிடும், உள்ளே சேர்ந்த பழுதும் கூடவே போய்விடும். நரம்பணுவுக்கு அந்த வசதி இல்லை. வீட்டை மாற்ற முடியாதவர் தினமும் பெருக்கித்தான் ஆக வேண்டும்.

8/
இப்போ கலிஃபோர்னியாவுக்குப் போவோம். 1982. சான் ஹோசே நகர மருத்துவமனை ஒன்றில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர். உடம்பு சிலை மாதிரி இறுகிப்போய்க் கிடக்கிறார். பேச்சு இல்லை. முதலில் மனநோய் என்று சந்தேகித்தார்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் பார்த்தார். எழுபது வயதில் பல வருடம் முற்றிய பார்கின்சன் நோயாளி எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார் இவர். ஆனால் இது ஒரே ராத்திரியில் வந்த மாதிரி வந்திருந்தது. லெவோடோபா மாத்திரை கொடுத்ததும் உடம்பு அசையத் தொடங்கியது.

அதே மாதிரி இன்னும் சிலர் அந்தப் பகுதியில் கிடைத்தார்கள். எல்லோரும் ஹெராயினுக்குப் பதிலாகத் திருட்டுத்தனமாகத் தயாரித்த ஒரு பொடியை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். அந்தத் தயாரிப்பில் நடந்த தவறில் எம்.பி.டி.பி என்ற வேறொரு ரசாயனம் கலந்துவிட்டது.

9/
எம்.பி.டி.பி மூளைக்குள் போனதும் அங்கிருக்கும் ஒரு நொதி அதை எம்.பி.பி என்ற விஷமாக மாற்றுகிறது. டோபமின் தயாரிக்கும் நரம்பணுக்கள் தங்கள் டோபமினை உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு வாசல் வைத்திருக்கின்றன. அந்த விஷம் அதே வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிடும். உள்ளே போய் எங்கே உட்காருகிறது தெரியுமா? மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் தயாரிப்பு வரிசையின் முதல் இயந்திரமான காம்ப்ளெக்ஸ்-1 மேல். அது நின்றால் அந்த நரம்பணு சாகும்.

1989-ல் லண்டனில் ஆண்டனி ஷாபிரா குழுவினர், சாதாரணமாகப் பார்கின்சன் நோய் வந்து இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார்கள். இவர்கள் எந்தப் பொடியும் எடுக்காதவர்கள். அவர்களின் நடுமூளையிலும் காம்ப்ளெக்ஸ்-1 வேலை குறைந்திருந்தது.

ஆக, பார்கின்சன் நோய்க்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் ஏதோ தொடர்பு உண்டு என்று ஊர்ஜிதம் ஆனது. ஆனால் எது முதலில்? மைட்டோகாண்ட்ரியா கெட்டதால் நரம்பணு செத்ததா, சாகப்போகிற நரம்பணுவில் மைட்டோகாண்ட்ரியா கெட்டதா? இதை இறந்தவர் மூளையை வைத்துச் சொல்லவே முடியாது.

10/
அதைச் சொன்னவை குடும்பங்கள். ஜப்பானில் இள வயதிலேயே பார்கின்சன் வரும் குடும்பங்கள் இருப்பது 1970-களிலேயே மருத்துவர்களுக்குத் தெரியும். பெற்றோருக்கு நோய் இருக்காது. பிள்ளைகளுக்கு இருபது, முப்பது வயதில் ஆரம்பிக்கும். கால் பாதம் முறுக்கிக்கொள்ளும். தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும், போகப் போக இறுகும். லெவோடோபாவுக்கு நன்றாகக் கேட்கும். நோய் மெதுவாகத்தான் வளரும்.

1998-ல் யோஷிகுனி மிசுனோ, நொபுயோஷி ஷிமிசு குழுக்கள் இதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்துப் பார்கின் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் நோய். 2000-ல் பார்கின் என்ன வேலை செய்கிறது என்பதும் தெரிந்தது. அது முத்திரை குத்துபவர்! யுபிக்விட்டின் என்ற சிறிய புரதத்தை மற்ற புரதங்கள் மேல் ஒட்டுவதுதான் அதன் வேலை. அந்த முத்திரை விழுந்தது அப்புறப்படுத்தப்படும்.

2004-ல் இத்தாலி, ஸ்பெயின் குடும்பங்களில் இன்னொரு மரபணு கிடைத்தது. பிங்க்-1. நோய் கிட்டத்தட்ட அதே மாதிரி. பிங்க்-1 மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போகும் புரதம்.

முத்திரை குத்துபவர் செல்லின் திரவத்தில் மிதக்கிறார். இன்னொருவர் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறார். இருவரும் ஒரே நோயைத் தருகிறார்கள். இவர்களுக்குள் என்ன உறவு?

11/
மறுபடியும் பழ ஈ. 2003-ல் லியோ பல்லங்க் குழு பார்கின் இல்லாத ஈக்களை உருவாக்கியது. பறக்கும் தசை சிதைந்தது, அதற்கு முன்பே மைட்டோகாண்ட்ரியா வீங்கிக் கெட்டிருந்தன. ஆண் ஈக்கள் மலடு. அந்த வெங்காயம் ஞாபகம் இருக்கா? அதே விந்தணு மைட்டோகாண்ட்ரியாதான் இங்கேயும் கோளாறு.

2006-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக பிங்க்-1 இல்லாத ஈக்களை உருவாக்கின. ஒன்று அமெரிக்காவில் மிங் குவோவின் குழு, இன்னொன்று கொரியாவில் ஜோங்க்யோங் சுங்கின் குழு. பார்த்தால், அச்சு அசல் பார்கின் இல்லாத ஈ மாதிரியே இருந்தது.

அடுத்து செய்த சோதனைதான் அழகு. பிங்க்-1 இல்லாத ஈக்குப் பார்கினை அதிகமாகக் கொடுத்தார்கள். ஈ தேறியது. பார்கின் இல்லாத ஈக்குப் பிங்க்-1-ஐ அதிகமாகக் கொடுத்தார்கள். தேறவில்லை. இதன் அர்த்தம் என்ன? பிங்க்-1 உத்தரவு கொடுப்பவர், பார்கின் அதை நிறைவேற்றுபவர். வேலையாள் தானாகவே நிறைய வந்துவிட்டால் மேஸ்திரி இல்லாமலும் வேலை நடக்கும். வேலையாளே இல்லாதபோது மேஸ்திரி எத்தனை பேர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

2008-ல் இன்னொன்றும் தெரிந்தது. இந்த ஈக்களில் பிரிக்கும் புரதமான டிஆர்பி-1-ஐ அதிகமாக்கினாலும் தசை ஓரளவு தேறியது. பிரிவதற்கும் அப்புறப்படுத்துவதற்கும் உள்ள முடிச்சு இங்கேதான் விழுந்தது.

12/
அதே 2008-ல் கிலாட் ட்விக், ஓரியன் ஷிரிஹாய் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. இன்சுலின் சுரக்கும் வகை செல்களில், ஒளி பட்டால் மட்டும் ஒளிரும் புரதத்தை வைத்து, ஒரே ஒரு மைட்டோகாண்ட்ரியாவைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

நல்ல மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு இரு பக்கமும் மின்னழுத்த வித்தியாசம் உண்டு. ஏறத்தாழ 150 மில்லிவோல்ட். இதுதான் அதன் சார்ஜ். ஒரு மைட்டோகாண்ட்ரியா இரண்டாகப் பிரியும்போது பல சமயம் இரண்டும் சமமாக இருப்பதில்லை. ஒன்றின் சார்ஜ் கூடியும் இன்னொன்றின் சார்ஜ் குறைந்தும் இருந்தது. சார்ஜ் உள்ளது மறுபடி கூட்டத்தோடு இணைந்துவிடும். சார்ஜ் குறைந்தது இணையாமல் தனியாகவே நிற்கும். சில மணி நேரத்தில் சார்ஜ் ஏறாவிட்டால் லைசோசோமுக்குப் போய்விடும். பிரிவதைத் தடுத்துவிட்டால் செரிப்பதும் குறைந்தது.

லூயிஸ் தம்பதி பார்த்த அந்த ஆட்டத்துக்கு ஒரு அர்த்தம் இங்கே கிடைத்தது. சேர்வது என்பது இருப்பதைப் பகிர்ந்துகொள்வது. ஒன்றில் கெட்டுப்போன பாகத்தை இன்னொன்றின் நல்ல பாகம் ஈடு கட்டும். பிரிவது என்பது தேர்வு. மறுபடி சேர முடிகிறதா என்பதுதான் பரீட்சை.

13/
அதே வருடம் டிசம்பரில் வந்தது இந்தக் கதையின் முக்கியமான சோதனை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரிச்சர்ட் யூல் ஆய்வகம். செய்தவர் டெரெக் நரேந்திரா, அப்போது மாணவர்.

அவர்கள் எடுத்தது ஹீலா செல்கள். இவற்றில் இயற்கையாகவே பார்கின் கிடையாது. ஒளிரும் பார்கினை உள்ளே வைத்தார்கள். அது செல் முழுக்கப் பரவலாக மிதந்தது. மைட்டோகாண்ட்ரியா பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு சி.சி.சி.பி என்ற ரசாயனம் ஊற்றினார்கள். இது மைட்டோகாண்ட்ரியாவின் சார்ஜை இறக்கிவிடும். ஒரு மணி நேரத்தில் பரவலாக இருந்த பார்கின் எல்லாம் போய் மைட்டோகாண்ட்ரியா மேல் ஒட்டிக்கொண்டது. ஆட்டோஃபேஜி பைகள் வந்து அவற்றைச் சுற்றின. 48 மணி நேரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலான செல்களில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை. வழித்து எடுத்தாயிற்று.

சார்ஜை எல்லாவற்றிலும் இறக்கினால் எல்லாமே போகிறது, சரி. தேர்ந்தெடுத்து எடுக்கிறதா? அதற்கு இன்னொரு சோதனை வைத்தார்கள். மைட்டோஃப்யூசின் இரண்டும் இல்லாத செல்களில் மைட்டோகாண்ட்ரியா துண்டு துண்டாக இருக்கும், அவற்றில் சில தானாகவே சார்ஜ் இழந்திருக்கும். விஷம் எதுவும் ஊற்றாமலே பார்கின் அந்தச் சார்ஜ் இழந்தவற்றின் மேல் மட்டும் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்த நல்லதைத் தொடவில்லை.

14/
சார்ஜ் போனது பார்கினுக்கு எப்படித் தெரிகிறது? 2010-ல் பல குழுக்கள் சேர்ந்து விடை சொன்னார்கள். பிங்க்-1தான் சென்ஸார். அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமையானது.

செல் பிங்க்-1-ஐ எப்போதும் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. தயாரானதும் அது மைட்டோகாண்ட்ரியாவின் வாசலுக்குப் போகும். சார்ஜ் நன்றாக இருந்தால் அந்த மின்னழுத்தமே அதை உள்ளே இழுத்துவிடும். உள்ளே பார்ல் என்ற நொதி அதை வெட்டும். வெட்டிய துண்டு சீக்கிரமே அழிக்கப்படும். ஆகவே நல்ல மைட்டோகாண்ட்ரியா மேல் பிங்க்-1 தேடினாலும் கிடைக்காது.

சார்ஜ் இல்லையென்றால் உள்ளே இழுக்க ஆள் இல்லை. பிங்க்-1 வாசலிலேயே தேங்கும். தேங்கத் தேங்க அதன் வேலை தொடங்கும்.

காலையில் வாசலில் போட்ட பேப்பரை வீட்டுக்காரர் உள்ளே எடுத்துக்கொண்டால் எல்லாம் நலம். நாலு நாள் பேப்பர் வாசலில் குவிந்து கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார் இல்லையா? அதே கதைதான்.

15/
தேங்கிய பிங்க்-1 என்ன செய்கிறது என்பது 2014-ல் முழுசாகத் தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியா மேல் ஏற்கெனவே அங்கங்கே இருக்கும் யுபிக்விட்டின் மீது அது ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அந்த பாஸ்பேட் ஏறிய யுபிக்விட்டின்தான் பார்கினைக் கூப்பிட்டு எழுப்புகிறது. பார்கின் வந்து இன்னும் யுபிக்விட்டின் ஒட்டும். அதன் மீதும் பிங்க்-1 பாஸ்பேட் ஏற்றும். இன்னும் பார்கின் வரும். ஒரு முத்திரை பத்தாகி, பத்து நூறாகும்.

இங்கே ஒரு நுட்பம். பார்கின் முத்திரை குத்தும் புரதங்களில் முக்கியமானது மைட்டோஃப்யூசின். வெங்காய ஈயில் கண்டுபிடித்த அதே இணைக்கும் புரதம்! முத்திரை விழுந்ததும் அது பிடுங்கி அழிக்கப்படுகிறது. சார்ஜ் போன மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே ஓபிஏ-1-உம் வெட்டப்படுகிறது. இனி அது யாரோடும் இணைய முடியாது. கண்டம் பண்ணின பஸ்ஸின் சக்கரத்தைக் கழற்றி வைப்பது மாதிரி. பழுதானது நல்லதோடு கலந்து அதையும் கெடுக்காமல் இருக்க இதுதான் வழி.

பிறகு முத்திரையைப் படிக்கும் இடைத்தரகர் புரதங்கள் ஆட்டோஃபேஜி பையை அழைத்து வருகின்றன. பை மூடும். லைசோசோமோடு சேரும். அமினோ அமிலம், கொழுப்பு என்று பிரித்து எடுத்து மறுபடி உபயோகம். இதற்குத்தான் மைட்டோஃபேஜி என்று பெயர். சோதிப்பவர் பிங்க்-1, முத்திரை பார்கின், தனியாக நிறுத்துவது மைட்டோஃப்யூசினை நீக்குவதால், உடைப்பது லைசோசோம். நாலு வேலைக்கும் ஆள் தெரிந்துவிட்டது.

16/
கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் முடியவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

முதல் சிக்கல்: ஹீலா சோதனையில் பார்கினை அளவுக்கு அதிகமாக வைத்தார்கள், சார்ஜை ஒரேயடியாக இறக்கினார்கள். நம் மூளையில் யாரும் சி.சி.சி.பி ஊற்றுவதில்லை. நரம்பணுவில் இயல்பாக இருக்கும் பார்கின் அளவில் இதே செயல் மிக மெதுவாகத்தான் நடக்கிறது.

இரண்டாவது சிக்கல்: எலி. பார்கின் இல்லாத எலிகளுக்கு மனிதர்களைப் போல நடுமூளை நரம்பணுக்கள் சாகவில்லை. 2018-ல் இன்னும் பெரிய ஆச்சரியம். மைட்டோஃபேஜி நடந்தால் நிறம் மாறும்படி உருவாக்கிய எலிகளில் பிங்க்-1-ஐ நீக்கிப் பார்த்தார்கள். அன்றாட மைட்டோஃபேஜி டோபமின் நரம்பணுக்களில் கூட வழக்கம்போல நடந்துகொண்டிருந்தது!

அப்படியென்றால் தினசரிக் குப்பை வேறு வழியாகப் போகிறது. அப்படி வேறு வழிகள் உண்டு என்பதற்கு நம் ரத்தமே சாட்சி. சிவப்பணு முதிரும்போது தன் மைட்டோகாண்ட்ரியா அனைத்தையும் வெளியேற்றுகிறது. அதற்கு முக்கியமாக வேண்டியது நிக்ஸ் என்ற வேறொரு புரதம். பிங்க்-1, பார்கின் ஜோடி தினசரி துப்புரவுக்கு அல்ல, விபத்து நேரத்தில் வரும் ஆம்புலன்ஸ் போல இருக்கலாம் என்பதே இப்போது பலரும் எடுக்கும் முடிவு. அப்படியானால் மனித மூளையில் அந்த "விபத்து" எது? இதுதான் இப்போது திறந்திருக்கும் கேள்வி.

17/
இதை எல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதினேன் என்றால், "மைட்டோகாண்ட்ரியாவைச் சுத்தப்படுத்தும்" மாத்திரை, பொடி, டீ என்று விளம்பரங்கள் வரத் தொடங்கிவிட்டன. காட்டுகிற படம் எல்லாம் மேலே சொன்ன அதே பிங்க்-1, பார்கின் படம்தான். ஆகவே இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள்.

ஒன்று, மைட்டோகாண்ட்ரியா கெட்டிருக்கிறது என்பது உண்மையாக இருந்தாலும், அதற்கு ஒரு சத்து மாத்திரை கொடுத்தால் நோய் கேட்கும் என்று ஆகிவிடாது. கோஎன்சைம் க்யூ-10 மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரிய பொருள். அதைப் பார்கின்சன் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 600 பேரிடம், ஒரு நாளைக்கு 1200 மற்றும் 2400 மில்லிகிராம் அளவில், போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். பலன் இல்லை என்று தெரிந்து பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது.

இரண்டு, துப்புரவு அதிகமானால் நல்லது என்றும் இல்லை. ஹீலா செல்லில் 48 மணி நேரத்தில் மொத்த மைட்டோகாண்ட்ரியாவும் போனதே! நல்லதையும் சேர்த்துக் கண்டம் பண்ணினால் நரம்பணு பிழைக்காது. ஆராய்ச்சியாளர்கள் பார்கினையும் பிங்க்-1-ஐயும் தூண்டும் மருந்துகளைத் தேடுகிறார்கள். பார்கின்சன் நோயின் போக்கை இந்த வழியில் மாற்றும் மருந்து என்று எதுவும் இன்று வரை நிரூபணம் ஆகவில்லை.

18/
மருத்துவராக ஒரு வரி. நாற்பது வயதுக்குள் ஒருவருக்கு ஒரு பக்கக் கை நடுக்கம், நடையில் தாமதம், நடக்கும்போது பாதம் முறுக்கிக்கொள்வது, தூங்கி எழுந்தால் மட்டும் நன்றாக இருப்பது என்று இருந்தால், "இந்த வயசுல பார்கின்சனா, இருக்காது" என்று தள்ளிப் போடாதீர்கள். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். குறிப்பாகப் பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். பார்கின், பிங்க்-1 இரண்டுமே இரண்டு பிரதியும் கெட்டால் வரும் நோய்கள். ஒரே குடும்பத்தில் ஓடும் கெட்ட பிரதி இரண்டு பக்கமும் வந்து சேர, சொந்தத்தில் திருமணம் வழி வைக்கும்.

இந்த வகை நோய் மெதுவாகத்தான் நகரும், லெவோடோபாவுக்கு நன்றாகக் கேட்கும். பல வருடம் வேலைக்குப் போய் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். பெயர் தெரிந்தால் பயம் பாதி குறையும்.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.